குழந்தைகள் குறைந்தும் சுமை ஏன் குறையவில்லை? சார்பு விகிதத்தைப் பிரித்துப் பார்ப்பது

கேள்வி: குரூப் 2-க்குப் படிச்சிட்டிருக்கேன், சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். சார்பு விகிதம்னா என்னன்னு மனப்பாடமா தெரியும். ஆனா குழந்தைங்க எண்ணிக்கை குறைஞ்சுட்டே வருதே, அப்போ விகிதமும் குறையத்தானே செய்யும்? அப்புறம் எப்படி பென்ஷன், ஆஸ்பத்திரிச் செலவு அரசாங்கத்தை நெருக்கும்னு சொல்றாங்க? எங்க ஊர்ல பாதி வீட்ல தாத்தா பாட்டி மட்டும்தான், பசங்க எல்லாம் பெங்களூர்ல. எங்க ஊருக்கே இந்தக் கணக்கைப் போட்டா எப்படி வரும்?

பதில்:

உங்கள் சந்தேகம் நியாயமானது. மொத்த விகிதம் குறையத்தான் செய்யும். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு அரசின் செலவைப் பற்றிப் பேசப் போனால்தான் குழப்பம் வருகிறது. முதலில் சூத்திரம்:

```
மொத்த சார்பு விகிதம்   = (0–14 வயதினர் + 60-உம் அதற்கு மேலும் உள்ளோர்) ÷ (15–59 வயதினர்) × 100
முதியோர் சார்பு விகிதம் = (60-உம் அதற்கு மேலும் உள்ளோர்) ÷ (15–59 வயதினர்) × 100
```

ஐ.நா. அறிக்கைகளிலும் பல நாடுகளின் ஒப்பீடுகளிலும் 60-க்குப் பதில் 65 இருக்கும். நடு வயதுக் கூட்டம் 15–64 ஆகிவிடும். இந்திய அரசின் முதியோர் அறிக்கைகள் 60-ஐத்தான் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கில் முதியோர் சார்பு விகிதத்தின் 2021-க்கான மதிப்பீடு இந்தியாவுக்கு 15.7, தமிழ்நாட்டுக்கு 20.5, கேரளத்துக்கு 26.1. அதாவது தமிழ்நாட்டில் உழைக்கும் வயதில் இருக்கும் நூறு பேருக்கு ஏறத்தாழ இருபது முதியோர். எந்த வயதுக் கோட்டை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று பார்க்காமல் இரண்டு எண்களை ஒப்பிட்டால் விடை தப்பாகும். எவ்வளவு தப்பாகும் என்பதைக் கீழே காட்டுகிறேன்.

உங்கள் ஊர் மாதிரி 3,000 பேர் உள்ள ஒரு ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ஊரின் எண்களைப் போட்டு அப்படியே மாற்றிக்கொள்ளலாம். இருபது வருடத்துக்கு முன்பு அந்த ஊரில் குழந்தைகள் 900, நடு வயதினர் 1,800, முதியோர் 300 என்று வையுங்கள். சார்ந்திருப்போர் 1,200 பேர். அதை 1,800-ஆல் வகுத்தால் விகிதம் 66.7. இதில் குழந்தைகளின் பங்கு 50, முதியோர் பங்கு 16.7.

இன்று அதே 3,000 பேரில் குழந்தைகள் 600, நடு வயதினர் 1,950, முதியோர் 450. மொத்த விகிதம் 53.8-க்கு இறங்கிவிட்டது. நீங்கள் சொன்னது நடந்திருக்கிறது. ஆனால் அதைப் பிரித்தால் குழந்தைகள் பங்கு 30.8, முதியோர் பங்கு 23.1.

இன்னும் பதினைந்து வருடம் போகட்டும். குழந்தைகள் 450, நடு வயதினர் 1,875, முதியோர் 675. மொத்த விகிதம் 60. இப்போதும் பழைய 66.7-க்குக் கீழேதான் இருக்கிறது. முதியோர் பங்கு மட்டும் 36 ஆகிவிட்டது. பழையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மேலோட்டமாக மொத்த விகிதத்தை மட்டும் பார்ப்பவர் "அன்றைக்கு இருந்ததைவிடச் சுமை குறைவு" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

குழந்தையையும் முதியவரையும் ஒரே எடையில் கூட்டுவதுதான் இங்கே உள்ள கோளாறு. ஒரு குழந்தையின் சோறு, துணி, மருந்துச் செலவில் பெரும்பங்கு பெற்றோருடையது. அரசு தருவது பள்ளி, சத்துணவு, தடுப்பூசி. முதியவர் விஷயத்தில், பிள்ளை கூடவே இருந்து பார்த்துக்கொண்டால் செலவு குடும்பத்தோடு நிற்கும். பிள்ளை பெங்களூரில் சொற்பச் சம்பளத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தால் அதில் ஒரு பகுதி உதவித்தொகையாகவும் அரசு மருத்துவமனைச் செலவாகவும் கருவூலத்துக்கு வந்து சேரும்.

"குழந்தைகள் குறைந்தால் பள்ளிச் செலவு மிச்சமாகுமே, அதை முதியோருக்குத் திருப்பலாமே" என்ற கேள்வியும் தேர்வில் வரக்கூடியதுதான். காகிதத்தில் சரி. நடப்பில், ஒரு தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் முப்பது ஆனாலும் ஆசிரியர்களின் சம்பளம் பாதியாகாது. கட்டடமும் சமையலறையும் அப்படியேதான் இருக்கும். மலையோரக் குக்கிராமத்தில் பிள்ளை குறைந்துவிட்டது என்று பள்ளியை மூடினால் மீதியுள்ள பத்துப் பிள்ளைகளும் படிப்பை நிறுத்தும் அபாயம் உண்டு. அதனால் அந்தப் பக்கம் மிச்சம் மெதுவாகத்தான் வரும். இந்தப் பக்கம் செலவு அதுவரை காத்திருக்காது.

சரி, பணத்துக்கு வருவோம். ஊரில் எல்லோரும் ஓ.ஏ.பி. என்று சொல்லும் முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் இது 2011-இல் மாதம் 1,000 ஆனது. 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. ஒரு வருடத்துக்கு ஒருவருக்கு 14,400. நம் ஊராட்சியில் இன்றுள்ள 450 முதியோரில் மூன்றில் ஒருவர், அதாவது 150 பேர், வாங்குகிறார்கள் என்று வைத்தால் வருடத்துக்கு 21 லட்சத்து 60 ஆயிரம் ஆகிறது. அதை உழைக்கும் வயதில் உள்ள 1,950 பேர் மேல் பகிர்ந்தால் தலைக்கு 1,108 ரூபாய்.

பதினைந்து வருடம் கழித்து அதே மூன்றில் ஒரு பங்கு, அதே 1,200 ரூபாய். வாங்குபவர்கள் 225 பேர், செலவு 32 லட்சத்து 40 ஆயிரம், பகிர வேண்டியவர்கள் 1,875 பேர். தலைக்கு 1,728. தொகையை ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை, புதிதாக யாருக்கும் சலுகை தரவில்லை. ஆனாலும் ஒரு தலை மேல் விழும் சுமை 56 சதவீதம் ஏறியிருக்கிறது. இதற்குள் இருக்கும் சூத்திரம் எளிது:

```
ஒரு தலைக்குச் சுமை = முதியோர் சார்பு விகிதம் ÷ 100 × உதவி பெறுவோர் பங்கு × ஆண்டுத் தொகை
இன்று        : 0.2308 × 1/3 × 14,400 = 1,108
15 ஆண்டில்   : 0.36   × 1/3 × 14,400 = 1,728
```

நிதித்துறையின் கைக்கு எட்டும் திருகுகள் மூன்றே. முதல் திருகை, அதாவது வயது அமைப்பை, சட்டென்று திருப்ப முடியாது. அடுத்த பதினைந்து வருடத்தில் 60-ஐத் தொடப்போகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே 45-ஐத் தாண்டிவிட்டார்கள். எனவே நெருக்கடி வரும்போது திருகப்படுவது மற்ற இரண்டும்தான். அதுவும் பெரும்பாலும் அறிவிப்பு இல்லாமல்.

தொகையை எப்படித் திருகுகிறார்கள்? யாரும் குறைப்பதில்லை, ஏற்றாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். 2011-க்கும் 2023-க்கும் நடுவில் பன்னிரண்டு வருடம். ஏறியது இருபது சதவீதம். அரிசி, பருப்பு, பஸ் கட்டணம் எல்லாம் அந்தக் காலத்தில் எவ்வளவு ஏறின என்பது ஓ.ஏ.பி. வாங்கும் பாட்டிக்கு நன்றாகத் தெரியும். மத்திய அரசின் பங்கு இதைவிட மோசம். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80-க்கு மேல் 500. அந்த 200 ரூபாய் 2007-இல் திட்டம் அந்தப் பெயரில் தொடங்கியபோது இருந்த அதே 200 ரூபாய். நம் ஊரில் வாங்கும் 150 பேரில் 130 பேர் 80-க்குக் கீழ், 20 பேர் 80-க்கு மேல் என்று வையுங்கள். மத்திய பங்கு மாதம் 36,000. மொத்தச் செலவு 1,80,000. மீதி 1,44,000, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, மாநிலத்தின் தலையில். மத்திய அரசு இத்தனை பேருக்குத்தான் தருவேன் என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் சேரும் ஒவ்வொருவருக்கும் முழு 1,200-ம் மாநிலப் பணம்தான். முதியோர் கூடக் கூட இந்தச் சாய்வு அதிகமாகும்.

உதவி பெறுவோர் பங்கு என்ற திருகு திரும்புவது தாலுகா அலுவலகத்தில். மனு, வி.ஏ.ஓ. விசாரணை, வருவாய் ஆய்வாளர் அறிக்கை, கடைசியில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் உத்தரவு. தகுதி இருந்தும் ஒதுக்கீடு இல்லையென்றால் மனு வரிசையில் நிற்கும். இறந்தவரின் பெயர் நீக்கப்படும்போதுதான் புதியவருக்கு இடம் என்ற நிலை வந்துவிட்டால், செலவுக் கணக்கு சீராகத் தெரியும். முதுமையின் அழுத்தம் அந்தக் கணக்கில் எங்கும் தெரியாது, காத்திருப்போர் பட்டியலில்தான் தெரியும். ஆகவே "செலவு ஏறவில்லையே, பிறகென்ன நெருக்கடி" என்று யாராவது கேட்டால், நிலுவையில் உள்ள மனுக்கள் எத்தனை என்று திருப்பிக் கேளுங்கள்.

வயதுக் கோட்டையே நகர்த்துவது இன்னொரு வழி. நம் ஊரின் இன்றைய 450 முதியோரில் 150 பேர் 60–64 வயதினர் என்றால், கோட்டை 65-க்குத் தள்ளியதும் முதியோர் 300, நடு வயதினர் 2,100. முதியோர் விகிதம் 23.1-இலிருந்து 14.3-க்கு விழுகிறது. ஊரில் ஒருவருக்கும் ஒரு நாள்கூட வயது குறையவில்லை. அரசு ஊழியர் ஓய்வு வயதை தமிழ்நாடு 2020-இல் 58-இலிருந்து 59-க்கும், 2021-இல் 60-க்கும் உயர்த்தியது இதன் உறவுக்காரர்தான். அந்த இரண்டு வருடமும் பணிக்கொடையும் ஓய்வூதியமும் தள்ளிப்போயின. தள்ளிப்போனவை பிறகு வந்து சேரத்தான் செய்யும்.

அரசு ஊழியர் ஓய்வூதியத்தின் கணக்கு ஓ.ஏ.பி.யிலிருந்து வேறு மாதிரி. 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்களுக்குக் கடைசிச் சம்பளத்தைக் கொண்டு ஓய்வூதியம். விலைவாசி ஏறினால் அகவிலைப்படியும் கூடும். இதற்கென்று தனியாகச் சேர்த்து வைத்த நிதி கிடையாது. இந்த வருட ஓய்வூதியம் இந்த வருட வரி வருவாயிலிருந்து போகிறது. 60 வயதை எட்டிய ஒருவர் சராசரியாக இன்னும் ஏறத்தாழ 18 வருடம் வாழ்வார் என்பதால், ஒருவர் ஓய்வு பெறுவது அரசுக்கு ஒரு நாள் செலவாக முடிவதில்லை. பதினெட்டு வருடத் தவணை போல நீளும். ஓ.ஏ.பி.யை ஏற்றாமல் விடுவது போல இதை எளிதில் விட முடியாது. அகவிலைப்படி வழக்கமாக ஏறிக்கொண்டே வரும். ஆக, நெருக்கடியில் எந்த முதியவர் தொகை கரையும், எவருடையது கரையாது என்பதை அவரவர் பேரம் பேசும் வலுதான் தீர்மானிக்கிறது. கூலி வேலை செய்து ஓய்ந்த பாட்டிக்குச் சங்கம் கிடையாது.

ஓசூர்ப் பக்கம் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு மூன்றாவது வகை: வருங்கால வைப்புநிதி அலுவலகத்தின் 1995 ஓய்வூதியத் திட்டம். முதலாளி செலுத்துவதில் சம்பளத்தின் 8.33 சதவீதம், 15,000 ரூபாய்ச் சம்பளம் வரை கணக்கிட்டு மாதம் 1,250 ரூபாய், இதற்குப் போகிறது. கிடைப்பது சம்பளத்தை வேலை செய்த வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்த தொகை. 15,000 சம்பளத்தில் 14 வருடம் என்றால் மாதம் 3,000. பத்து வருடம் முடியாவிட்டால் மாத ஓய்வூதியமே இல்லை. ஒப்பந்தத் தொழிலாளியாக இரண்டு வருடம் ஒரு இடம், மூன்று வருடம் இன்னொரு இடம் என்று மாறி, ஒவ்வொரு முறையும் பணத்தை எடுத்துவிட்டவர்கள் இந்தப் பத்து வருடத்தைத் தொடுவதே இல்லை. 60 வயதில் அவர்களும் ஓ.ஏ.பி. வரிசைக்குத்தான் வருவார்கள். ஆலை நிறைந்த ஊர் என்பதால் முதுமைச் செலவு குறையும் என்று நினைக்க வேண்டாம்.

இனி மருத்துவம். ஓ.ஏ.பி.யைப் போல இங்கே தலையை எண்ணிப் பெருக்கினால் போதாது. குழந்தையின் நோய் பெரும்பாலும் வந்து போவது: காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஒரு வாரம், முடிந்தது. முதியவரின் நோய் வந்து தங்குவது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒருமுறை வந்தால் சாகும்வரை மாத்திரை. நம் 450 பேரில் நூற்றுக்கு நாற்பது பேர், அதாவது 180 பேர், தினம் இரண்டு மாத்திரை சாப்பிட்டால் மாதத்துக்கு 10,800 மாத்திரை. 675 முதியோர் ஆகும்போது 16,200. இந்த மாத்திரைகளின் விலை பெரிதல்ல. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்குவதால் இன்னும் குறைவு. சிரமம் அந்த மாத்திரையை மாதந்தோறும் தவறாமல் கையில் சேர்ப்பதில் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே மாத்திரை போக வேண்டிய தேவை எவ்வளவு என்பது இரண்டு பஸ் மாறி ஆரம்ப சுகாதார நிலையம் போகிறவர்களுக்குப் புரியும்.

மாத்திரை தவறினால் என்ன ஆகிறது என்பதில்தான் செலவு இருக்கிறது. பல வருடம் கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுத்தால், முடிவு டயாலிசிஸ். ஒரு இயந்திரத்தின் கணக்கைப் பாருங்கள். ஒரு முறைக்கு நான்கு மணி நேரம். சுத்தம் செய்யும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு மூன்று பேர். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 18 முறை. ஒருவருக்கு வாரம் மூன்று முறை வேண்டும் என்றால் ஒரு இயந்திரம் ஆறு பேரைத் தாங்கும். ஏழாவது ஆள் வந்தால் இரண்டே வழி: இன்னொரு இயந்திரமும் அதற்கான தண்ணீர்ச் சுத்திகரிப்பும் பயிற்சி பெற்ற ஆளும், அல்லது எல்லோருக்கும் வாரம் இரண்டு முறை. இரண்டாக்கினால் அதே இயந்திரம் ஒன்பது பேரைத் தாங்கும். பதிவேட்டில் "பயனாளிகள் 50 சதவீதம் உயர்வு" என்று வரும். உடம்பில் நீர் தேங்கி, மூச்சுத் திணறி இரவில் அவசர ஊர்தியில் வருபவர்கள் வேறொரு பதிவேட்டில் வருவார்கள். முதியோர் கூடும்போது மருத்துவமனை எப்படி நெருக்கடிக்கு உள்ளாகிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இடையில் ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வயது ஏற ஏறச் செலவு ஏறும் என்ற வரைபடத்தை வைத்துக்கொண்டு, எதிர்காலச் செலவை நேராகப் பெருக்கிவிடக் கூடாது. ஒருவரின் பெரிய மருத்துவச் செலவு பெரும்பாலும் இறப்புக்கு முந்தைய ஓரிரு வருடத்தில் குவிகிறது. 70-இல் இறந்தாலும் 82-இல் இறந்தாலும் அந்த ஓரிரு வருடம் ஒருமுறைதான் வரும். ஆயுள் பத்து வருடம் நீண்டால் அந்தப் பெரிய செலவு பத்து வருடம் தள்ளிப்போகிறது, பத்து மடங்கு ஆவதில்லை. நீளும் வருடங்களில் நிச்சயமாகக் கூடுவது மாத்திரை, பிசியோதெரபி, கண்புரை, படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் கூலி போன்ற சின்ன, முடிவில்லாத செலவுகள். கடைசியாகச் சொன்னது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வராது. குடும்பத்தின் சம்பளத்தில் கழியும். பெரும்பாலும் மருமகளோ மகளோ வேலையை விடுவதாகக் கழியும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் உரிய சிக்கல் ஒன்று உண்டு: நிலத்தடி நீரில் ஃபுளூரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைப் பல மடங்கு தாண்டிய நீரை இருபது முப்பது வருடம் குடித்தவருக்கு எலும்பும் மூட்டும் இறுகி, ஐம்பதிலேயே குனிந்து நிமிர முடியாமல் போகலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது இதற்காகத்தான். ஆனால் ஏற்கெனவே எலும்பில் படிந்ததை நல்ல தண்ணீர் எடுத்துவிடாது. சூத்திரத்தில் அவர் 15–59-இல் "தாங்குபவர்" பக்கம் இருப்பார். நிஜத்தில் களை எடுக்கப் போக முடியாமல் வீட்டுத் திண்ணையில் இருப்பார். வயதை மட்டும் பார்க்கும் எந்த விகிதத்துக்கும் இது கண்ணில் படாது.

இப்போது நீங்கள் கேட்ட பெங்களூர் விஷயம். நம் ஊராட்சியின் 1,950 நடு வயதினரில் 500 பேர் வெளியூர், அவர்களோடு 150 குழந்தைகளும் போய்விட்டார்கள் என்று வையுங்கள். ஊரில் நிஜமாக இருப்பவர்கள் குழந்தைகள் 450, நடு வயதினர் 1,450, முதியோர் 450. ரேஷன் அட்டைப்படி 23.1 என்றிருந்த முதியோர் விகிதம் இப்போது 31. மொத்தம் 62.1. ஒரு முதியவருக்கு நான்குக்கு மேல் இருந்த நடு வயதினர் மூன்றுக்குச் சற்று மேலே வந்துவிட்டார்கள். பதினைந்து வருடம் கழித்து வரும் என்று பயப்பட்டதில் பாதிக்கு மேல் இன்றே வந்துவிட்டது.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். அந்த 1,450 பேரில் படிப்பவர்கள் 200, கூலியில்லாத வீட்டு வேலையில் இருப்பவர்கள் 400 என்றால் சம்பாதிப்பவர்கள் 850. முதியோரிலும் 120 பேர் மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டோ நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டோ இருப்பார்கள். மொத்தச் சம்பாத்தியக்காரர் 970, மற்றவர்கள் 1,380. நூறு பேர் சம்பாத்தியத்தில் 142 பேர் சாப்பிடுகிறார்கள். 62 எங்கே, 142 எங்கே! தேர்வில் கேட்பது முதல் எண். ஊரைப் புரிந்துகொள்ள உதவுவது இரண்டாவது.

வெளியூர் போனவர் பணம் அனுப்புகிறாரே, அதனால் சரியாகிவிடாதா என்றால், குடும்பத்துக்குப் பாதி சரி, அரசுக்குப் பாதிகூட இல்லை. சரக்கு மற்றும் சேவை வரியில் மாநிலப் பங்கு பொருளை நுகரும் இடத்துக்குப் போகும். பெங்களூரில் இருப்பவர் அங்கே வாங்கும் சோப்புக்கும் செல்பேசிக்கும் உரிய பங்கு கர்நாடகத்துக்கு. அவர் அனுப்பும் பணத்தில் அம்மா பாலக்கோட்டில் வாங்கும் பொருளுக்கு உரியது மட்டும் தமிழ்நாட்டுக்கு. அம்மாவின் ஓ.ஏ.பி., மாத்திரை, மருத்துவமனை எல்லாம் தமிழ்நாட்டின் கணக்கு. உழைக்கும் வயதை ஒரு மாநிலம் அனுபவிக்க, ஓய்ந்த வயதை இன்னொன்று ஏற்கும் நிலை இது. ஓசூரில் இது தலைகீழ்: பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்களால் அங்கே முதியோர் விகிதம் தாழ்ந்து தெரியும். மலைப்பகுதியான அஞ்செட்டியையும் ஓசூரையும் சேர்த்துக் கிருஷ்ணகிரி மாவட்டச் சராசரி என்று ஒன்றைச் சொன்னால் அது இரண்டு ஊருக்குமே பொருந்தாது.

உங்கள் ஊருக்கு நீங்களே போட்டுப் பார்க்க வேண்டுமானால், மாவட்ட அளவுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் C-14 அட்டவணையை எடுங்கள்; ஐந்தைந்து வயதுக் கூட்டமாக, கிராமம் நகரம் பிரித்து இருக்கும். கடைசியாக உள்ளது 2011. அதில் தர்மபுரி மாவட்டத்தில் 15.07 லட்சம் பேர், கிருஷ்ணகிரியில் 18.80 லட்சம். வயது தெரியாதோர் வரிசையைக் கூட்டலில் சேர்க்காதீர்கள். பிறகு C-13 அட்டவணையில் ஒவ்வொரு வயதாக 58, 59, 60, 61 என்று பாருங்கள். 60-இல் மட்டும் எண்ணிக்கை குதித்து நிற்கும். பிறந்த தேதி தெரியாதவர்கள் முழு எண்ணாகச் சொல்வதால் வரும் வீக்கம் இது. நம் கோடு சரியாக அந்த இடத்திலேயே விழுவதால், 57, 58 வயதுக்காரர்களும் முதியோர் பக்கம் வந்து விகிதத்தைச் சற்றுத் தூக்கிவிடுவார்கள்.

ஊராட்சி அளவுக்குக் கணக்கெடுப்பில் ஐந்தாண்டு வயது விவரம் கிடைக்காது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் உள்ள குடும்பப் பதிவேடும், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரிடம் உள்ள பட்டியலும்தான் வழி. ரேஷன் அட்டையை மட்டும் நம்பினால் பெங்களூரில் இருப்பவரும் ஊரில் இருப்பவராகக் கணக்கில் வருவார். கணக்கெடுப்பில் அவர் அந்த நாட்களில் தங்கியிருந்த இடத்தில் எண்ணப்பட்டிருப்பார். இரண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் போட்டு வகுத்துவிடாதீர்கள். அட்டைப்படி ஒரு விகிதம், ஊரில் படுத்து எழுபவர்படி ஒரு விகிதம் என்று இரண்டையும் தனித்தனியே எழுதி, பக்கத்தில் முதியோர் பங்கைப் பிரித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் உங்கள் ஊரில் பாதி வீட்டில் தாத்தா பாட்டி மட்டும் இருப்பதன் எண் வடிவம்.